ராயல்டி ஸ்டேட்மென்டில் நீங்கள்தான் பாக்கி என்று வந்தால், பழைய ஸ்டேட்மென்டை எடுத்துப் பாருங்கள்

பதிப்பகத்தின் பெயரைப் போடவில்லை, பணம் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. கேட்டு இன்பாக்ஸில் வர வேண்டாம். முன்பணம் வாங்கி, விற்க விற்க ஏறும் ராயல்டி விகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கும் எழுத்தாளர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழில் முன்பணம் தருவதே அபூர்வம், பெரும்பாலும் முகப்பு விலையில் பத்து சதவீதம் என்று ஒரே வரியில் ஒப்பந்தம் முடிந்துவிடும். அதனால் இந்த மாதிரிக் கணக்கைச் சரிபார்த்துப் பழகியவர்கள் நம்மிடையே குறைவு. அந்தத் தைரியத்தில்தான் இவர்கள் எனக்கு இப்படி ஒரு தாளை அனுப்பினார்கள் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒப்பந்தம். புத்தகத்தின் விலை 300 ரூபாய். மொத்த விற்பனையில் முதல் 1000 பிரதிகளுக்கு முகப்பு விலையில் 7.5 சதவீதம், 1001 முதல் 3000 வரை 10, அதற்கு மேல் 12.5. ஒரு பிரதிக்கு எனக்கு வருவது முறையே 22.50, 30, 37.50 ரூபாய். முன்பணம் 40,000. வரி பிடித்தது போக 36,000தான் கைக்கு வந்தது, ஆனால் ராயல்டியில் கழிக்க வேண்டியது 40,000தான். இதில் தப்பு இல்லை. பிடித்த 4,000 என் பான் எண்ணில், படிவம் 26ASஇல் வந்துவிட்டது.

கடைகளுக்குப் புத்தகம் கடனுக்குத்தான் போகிறது, விற்காதது திரும்பி வரும். அதனால் அந்த ஆண்டு அனுப்பியதில் 20 சதவீதத்தை, ரிட்டர்ன் வரக்கூடும் என்று கணக்கில் சேர்க்காமல் நிறுத்திவைக்கலாம், அடுத்த ஸ்டேட்மென்டில் அதை விடுவித்து உண்மையான ரிட்டர்னைக் கழிக்க வேண்டும் என்று ஒரு விதி. நியாயமான விதிதான். ஏமாற்று வேலை நுழைந்ததும் இதே வாசல் வழியாகத்தான்.

முதல் ஆண்டு ஸ்டேட்மென்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1800 பிரதி அனுப்பினார்கள், 360 நிறுத்திவைத்தார்கள், மிச்சம் 1440. முதல் ஆயிரத்துக்கு 22,500, அடுத்த 440க்கு 13,200, ஆக 35,700. முன்பணத்தில் இதைக் கழித்தால் மீதி 4,300. கடைசி வரியில் 'முன்பணப் பாக்கி ரூ. 4,300' என்று தெளிவாகவே போட்டிருந்தது.

இரண்டாம் ஆண்டு ஸ்டேட்மென்ட் ஒரே பக்கம். அனுப்பியது 1700. ரிட்டர்ன் 420. நிறுத்திவைப்பு 340. நிகர விற்பனை 940. விகிதம் 7.5. ராயல்டி 21,150. முன்பணம் 40,000. கழித்தது போக, ஆசிரியர் பாக்கி 18,850. கீழே முத்திரை, கையெழுத்து. பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது, கூட்டிக் கழித்தாலும் சரியாகவே வருகிறது. ஒவ்வொரு வரியும் அதற்கு மேலிருக்கும் வரியோடு ஒத்துப்போகிறது. முந்தைய ஆண்டின் ஸ்டேட்மென்டோடு மட்டும்தான் ஒத்துப்போகவில்லை.

தொடக்க இருப்பைப் பாருங்கள். போன ஆண்டு 4,300 என்று முடிந்த பாக்கி இந்த ஆண்டு 40,000 என்று ஆரம்பிக்கிறது. முதல் ஆண்டில் என் புத்தகம் சம்பாதித்துக் கழித்த 35,700 ரூபாயைக் காணோம். போன ஸ்டேட்மென்டின் கடைசி எண்தான் இந்த ஸ்டேட்மென்டின் முதல் எண்ணாக இருக்க வேண்டும். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்து அந்த 360. போன ஆண்டு நிறுத்திவைத்த பிரதிகள் இந்த ஆண்டு வரவாக வந்திருக்க வேண்டும். வரவே இல்லை. உண்மையான ரிட்டர்ன் 420ஐயும் கழித்தார்கள், புதிதாக 340ஐயும் நிறுத்தினார்கள், பழைய 360ஐ மட்டும் விடுவிக்கவில்லை. ரிட்டர்ன் வரலாம் என்று ஒரு முறை, வந்துவிட்டது என்று இன்னொரு முறை, ஒரே பிரதிக்கு இரண்டு கழிவு. ஸ்டேட்மென்டில் 'முந்தைய நிறுத்திவைப்பு விடுவிப்பு' என்று ஒரு வரி இல்லை என்றால் உடனே கேளுங்கள். விடுவிக்க வேண்டிய தேதி ஒப்பந்தத்தில் இல்லை என்றால் கையெழுத்துக்கு முன்பே எழுதி வாங்குங்கள்.

மூன்றாவதுதான் கண்ணில் படுவது கஷ்டம். 940 பிரதி ஆயிரத்துக்குள் வருவதால் 7.5 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் முதல் ஆயிரம் போன ஆண்டே தாண்டிவிட்டது. இந்த ஆண்டு விற்ற ஒவ்வொரு பிரதியும் 10 சதவீதப் படியில்தான் வரும். ஆண்டுதோறும் எண்ணிக்கையைப் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தால் கடைசிப் படியை அநேகமாக எந்தப் புத்தகமும் எட்டாது, ஒப்பந்தத்தில் 12.5 என்று எழுதியது அலங்காரத்துக்குத்தான். இதில் ஒரு எச்சரிக்கை: சில ஒப்பந்தங்களில் 'ஒவ்வொரு பதிப்பிலும் முதல் 1000' என்று இருக்கும். அப்படி இருந்தால் புதுப் பதிப்பு வரும்போது கீழ்ப்படிக்குத் திரும்புவது அவர்கள் உரிமை. என்னுடையதில் 'இந்நூலின் மொத்த விற்பனையில்' என்று இருந்தது. உங்களுடையதில் என்ன சொல் இருக்கிறது என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

இந்தக் குழப்பம் எதிலும் மாட்டாமல் இருக்க ஒரு வழி உண்டு. அந்தந்த ஆண்டுக்கு மட்டும் கணக்குப் போடாதீர்கள். புத்தகம் வந்த நாளிலிருந்து இன்றுவரை மொத்தமாகப் போடுங்கள். என் விஷயத்தில் இரண்டு ஆண்டும் சேர்த்து அனுப்பியது 3500. மொத்த ரிட்டர்ன் 420. இப்போது நிறுத்திவைத்திருப்பது 340 மட்டும். ஆக 2740. இதில் முதல் ஆயிரத்துக்கு 22,500, மீதி 1740க்கு 52,200, மொத்தம் 74,700. முன்பணம் 40,000 ஒரே ஒரு முறை கழித்தால் எனக்கு வர வேண்டியது 34,700 ரூபாய். நான் 18,850 பாக்கி என்று எழுதி வந்த தாளுக்கும் இதற்கும் வித்தியாசம் 53,550. இப்படிப் போட்டால் ரிட்டர்ன் தானாகவே மேல் படியிலிருந்து கழிந்துவிடும், பழைய நிறுத்திவைப்பு தானாகவே விடுபடும், முன்பணமும் இரண்டு முறை கழியாது.

கணக்குப் பிரிவில் பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், புது சாஃப்ட்வேர் மாத்தினோம், அது போடுற கணக்கு. அடுத்த வருஷம் சரியாயிடும்." சாஃப்ட்வேர் மாற்றியது உண்மையாகவே இருக்கலாம். பழைய இருப்புகளை ஏற்றாமல், ஒப்பந்தத்தில் உள்ள முன்பணத்தை மட்டும் தட்டிவிட்டால் இந்த மூன்று பிழையும் சேர்ந்தே வரும். ஆனால் மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. தவிர, அடுத்த ஸ்டேட்மென்டுக்கு ஒரு வருஷம் காத்திருந்தால் அது இந்தப் பொய்யான 18,850இல் இருந்துதான் ஆரம்பிக்கும். போனில் பேசி விட்டுவிடாதீர்கள். மேலே சொன்ன மொத்தக் கணக்கை அரைப் பக்கத்தில் எழுதி, ஒப்பந்த விதி எண்ணோடு மின்னஞ்சலில் அனுப்புங்கள். நான் அனுப்பிய பிறகு திருத்திய ஸ்டேட்மென்ட் வந்தது, 34,700 ரூபாயும் வந்தது. வருத்தம் தெரிவித்து ஒரு வரி கூட இல்லை, சரி, பணம் வந்ததே.

அதோடு நிற்காமல் அச்சடித்த எண்ணிக்கையையும் கேட்டேன். அனுப்பியது 1700 என்று அவர்கள் எழுதியதை நாம் எதை வைத்து நம்புவது? அச்சகத்திலிருந்து வந்த பிரதிகள் எங்கேயாவது இருந்தாக வேண்டும்: கடையில், குடோனில், அல்லது இலவசமாகக் கொடுத்ததில். முதல் பதிப்பு 2000, இரண்டாம் பதிப்பு 2000, மொத்தம் 4000. கடைகளுக்குப் போனது 3500, அதில் திரும்பியது 420. ஆசிரியர் பிரதி, மதிப்புரைப் பிரதி என்று கொடுத்தது 60. அப்படியென்றால் ஆண்டு முடிவில் குடோனில் 860 இருக்க வேண்டும். அவர்கள் கொடுத்த இருப்பு எண் 410. மீதி 450 பிரதி எங்கே?

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் அவர்கள் அரங்கின் முன்மேசையில் என் புத்தகம் அடுக்கி வைத்திருந்ததை நானே பார்த்தேன். அரங்கு விற்பனை தனி பில் புத்தகத்தில் போகிறது, ராயல்டி ஸ்டேட்மென்டுக்குப் போவது விநியோகக் கணக்கு மட்டும். கேட்டதும், "அது ஸ்டால் கணக்கு மேடம், அது வேற" என்றார்கள். எதற்கு வேறு? ஒப்பந்தத்தில் கடை வழி விற்றால் மட்டும் ராயல்டி என்று எங்கும் இல்லை. காட்சியில் வாசகருக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தாலும் என் ராயல்டி முகப்பு விலையில்தான். பொதுவாகவே சொல்கிறேன், கடைக்காரருக்குக் கொடுக்கும் தள்ளுபடி போக மிஞ்சும் தொகையில் ராயல்டி என்று ஒப்பந்தம் இருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். 40 சதவீதத் தள்ளுபடியில் போன பிரதிக்கு 22.50 என்பது 13.50 ஆகிவிடும்.

அந்த 450 பிரதி சின்ன விஷயமும் இல்லை. 2740உடன் சேர்த்தால் 3190, அதாவது மூவாயிரத்தைத் தாண்டுகிறது. 260 பிரதிக்கு 30 ரூபாய் வீதம் 7,800, மீதி 190க்கு 37.50 வீதம் 7,125. ஆக 14,925. அரங்கு விற்பனையை ஒளித்தால் இந்த ஆண்டின் பணம் மட்டுமல்ல, இனி விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் வர வேண்டிய மேல் விகிதமும் தள்ளிப்போகிறது.

இப்போது அவர்கள் சொல்வது, 450இல் பாதி மழையில் நனைந்து வீணானது என்று. இருக்கலாம், சென்னையில் குடோன் நனையாத வருஷம் ஏது. ஆனால் வீணான பிரதிகளைக் கழித்ததற்கு ஒரு பட்டியலும், பழைய தாள்காரருக்குப் போட்ட ரசீதும் இருக்க வேண்டும். காட்சியின் பில் புத்தகமும் இருக்கும். இரண்டையும் கேட்டிருக்கிறேன். கணக்குப் புத்தகத்தைப் பார்வையிடும் உரிமை என் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக இருக்கிறது. பிழை ஐந்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஆடிட்டர் செலவு அவர்களுடையது. உங்கள் ஒப்பந்தத்தில் அது இல்லையென்றாலும், நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 19A பிரிவின்படி வர வேண்டிய ராயல்டியை வசூலித்துத் தரச் சொல்லி முறையிடலாம். 2021இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு அது வணிக நீதிமன்றத்தின் வேலை. அதுவரை போகும் எண்ணம் எனக்கு இல்லை.

மூன்றாம் பதிப்புக்கு என் ஒப்புதல் கடிதம் கேட்டு மின்னஞ்சல் வந்திருக்கிறது. பில் புத்தக நகலும் நனைந்த பிரதிகளின் பட்டியலும் வந்தால் அன்றே அனுப்புகிறேன் என்று பதில் போட்டிருக்கிறேன். இன்னும் வரவில்லை.