காளைக்கு ஒரு முறை, துரியோதனனுக்கு ஒரு முறையா?

கையால் வரையும் எங்கள் அனிமேஷன் குறும்படம் மூன்று நிமிடம்தான். அதில் தலைவலி கொடுத்தவை இரண்டே ஷாட். ஒன்று எருது விடும் விழாவில் காளை சீறி வரும் காட்சி. இன்னொன்று அன்றிரவு பாரதக் கூத்தில் துரியோதனன் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வருவது. கிருஷ்ணகிரியில் ஒரு மாடி அறை, இரண்டு டேப்லெட், நான், முக்கியப் படங்களுக்கு நடுவில் வரும் இன்பிட்வீன் படங்களைப் போடும் தம்பி ஒருவர்: எங்கள் மொத்தப் படையும் இவ்வளவுதான். ஆகவே ஒரு ஷாட்டைத் திரும்ப வரைவது என்றால் எங்களுக்கு அது ஒரு வாரச் சாப்பாடு.

அசைவை வரைய இரண்டு முறைகள் உண்டு, அவற்றைத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பத்தி தேவையில்லை. ஸ்ட்ரெய்ட் அஹெட் என்றால் முதல் படத்தை வரைந்து, அதைப் பார்த்து இரண்டாவது, அதைப் பார்த்து மூன்றாவது என்று கடைசிவரை போய்க்கொண்டே இருப்பது. போஸ் டு போஸ் என்றால் கதையைச் சொல்லும் முக்கிய நிலைகளை முதலில் வரைந்து, எந்த ஃபிரேமில் எது என்று முடிவு செய்துவிட்டு, பிறகு நடுவை நிரப்புவது. டிஸ்னியின் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் எழுதிய புத்தகத்தில் உள்ள 12 கோட்பாடுகளில் இந்த இரண்டும் சேர்ந்து ஒரே கோட்பாடாகத்தான் வருகின்றன. அதை நான் கவனித்தது ரொம்ப தாமதமாக.

பொதுவாகச் சொல்லித் தரப்படுவது இதுதான்: களேபரமான சண்டை, ஓட்டம் என்றால் ஸ்ட்ரெய்ட் அஹெட், திட்டமிட்ட நடிப்பு என்றால் போஸ் டு போஸ். நாங்களும் அப்படியே பிரித்துக்கொண்டோம். காளை எனக்கு, துரியோதனன் தம்பிக்கு.

காளை ஷாட் 4 விநாடி. விநாடிக்கு 24 ஃபிரேம், ஒவ்வொரு படமும் இரண்டு ஃபிரேம் நிற்கும் என்பதால் 48 படங்கள். முதல் இருபது படங்கள் வரைந்தபோது இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. அடுத்து என்ன நடக்கும் என்று எனக்கே தெரியாது. கொம்பில் கட்டிய தட்டியைப் பறிக்கப் பாய்ந்த இளைஞன் ஒருவன் திடீரென்று கால் வழுக்கி, அடுத்தவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டான். நான் திட்டமிடவே இல்லை. கை போன போக்கில் வந்தது. இந்தப் படத்திலேயே பார்த்தவர்கள் சிரிக்கிற ஒரே இடம் அதுதான். போஸ் டு போஸில் உட்கார்ந்து யோசித்திருந்தால் அந்த வேட்டி வந்திருக்காது.

முடித்து ஓட்டிப் பார்த்தபோது காளை யானைக்கன்று அளவுக்கு ஊதியிருந்தது.

இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் வரையும்போது கண்ணுக்குத் தெரியாது. நாங்கள் வரையும் மென்பொருளான கிரிட்டாவில் ஆனியன் ஸ்கின் போட்டால் முந்தைய ஒன்றிரண்டு படங்கள் மங்கலாகக் கீழே தெரியும். அதோடு ஒப்பிட்டால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு படத்திலும் அரை சதவீதம் பெரிதாகப் போட்டுவிட்டோம் என்று வையுங்கள். அரை சதவீதம் என்பது கோட்டுத் தடிமனுக்குள் மறைந்துவிடும். 48ஆவது படத்துக்கு வரும்போது அது கிட்டத்தட்ட 26 சதவீதம். பக்கத்துப் படத்தோடு ஒப்பிட்டுப் பயனில்லை என்று அன்றைக்குப் புரிந்தது. 1ஆவது படத்தையும் 40ஆவது படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, திமிலிலிருந்து மூக்குவரை உள்ள நீளத்தை அளந்தால்தான் திருட்டு பிடிபடும். ஒவ்வொரு பத்தாவது படத்திலும் இதைச் செய்திருந்தால் தப்பித்திருப்பேன்.

ஆனாலும் காளை பெருத்தது பெரிய விஷயமில்லை. அதைச் சுருக்கிச் சரிசெய்துவிடலாம். என்னை போஸ் டு போஸ் பக்கம் சாய வைத்தது அதற்கடுத்து நடந்தது. பம்பைச் சத்தம் பதிவாகி வந்தபோது அந்த இடத்தில் 4 விநாடி இல்லை, 3 விநாடிதான். 96 ஃபிரேம் 72 ஆக வேண்டும். 48 படம் 36 ஆக வேண்டும்.

"நாலுக்கு ஒண்ணு தூக்கிடலாம்ணா" என்றான் தம்பி. தூக்கிப் பார்த்தோம். குளம்பு தரையைத் தொடும் படங்கள் சில இடங்களில் போய்விட்டன. சில இடங்களில் அவை மட்டுமே மிஞ்சின. காளை ஓடவில்லை, சோப்புத் தரையில் சறுக்கியது. சரி, முழுப் பாய்ச்சலாக வெட்டலாம் என்று பார்த்தேன். ஒரு பாய்ச்சலுக்கு 6 படம். இரண்டு பாய்ச்சலை எடுத்தால் 12 படம், சரியாக ஒரு விநாடி. கணக்கு இனித்தது. ஆனால் ஸ்ட்ரெய்ட் அஹெடில் எந்தப் பாய்ச்சலும் அதற்கு முந்தையதைப் போல இல்லை. காளையின் அளவு வேறு, இடம் வேறு, கழுத்து திரும்பியிருக்கும் கோணம் வேறு. நடுவில் இரண்டை எடுத்தால் வெட்டுப்பட்ட இடம் தூக்கி அடித்தது. சங்கிலியில் நடுக்கண்ணியைக் கழற்றினால் இரண்டு முனையும் வெவ்வேறு திசையில் கிடக்குமே, அப்படி.

ஐந்து நாள் வேலை. அதில் 30 படங்களுக்கு மேல் குப்பைக்குப் போனது.

இரண்டாவது தடவை ஐந்து நிலைகள் மட்டும் வைத்தேன். தலையைத் தாழ்த்திக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வருவது 1ஆம் ஃபிரேமில். உடம்பு முழுக்க நீண்ட முதல் பாய்ச்சல் 13இல். தட்டியை நோக்கிக் கைகள் நீள, காளை தலையை உதறுவது 33இல். பின்னங்கால் சறுக்குவது 51இல். சட்டகத்தை விட்டு வெளியேறுவது 71இல். இந்த ஐந்து படங்களையும் அதனதன் ஃபிரேமில் நிறுத்தி, இடையில் எதுவும் வரையாமல் பம்பையோடு ஓட்டினேன். அசைவே இல்லாத ஐந்து படம். ஆனால் காட்சி புரிந்தது. எங்கே வேகம், எங்கே திகில் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

பிறகு ஒரு திருத்தம் வந்தது, வராமல் இருக்குமா? காளை தலையை உதறுவதற்கு முன் இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டும் என்றார்கள். 33இல் இருந்த நிலையை டைம்லைனில் 37க்கு இழுத்தேன். முந்தைய இடைவெளியில் இரண்டு படம் கூடியது, பிந்தையதில் இரண்டு குறைந்தது. மற்ற இரண்டு பகுதிகளையும் தொடவே இல்லை. ஒரு மதிய வேளையில் முடிந்துவிட்டது. ஸ்ட்ரெய்ட் அஹெடில் இதே திருத்தம் வந்திருந்தால் அந்த இடத்திலிருந்து கடைசிவரை மறுபடி வரைந்திருப்பேன். எந்த முறை உயிரோட்டமானது என்று யாராவது கேட்டால், திருத்தம் எத்தனை தடவை வரும் என்று நான் திருப்பிக் கேட்பேன். இரண்டு பேர் வேலை செய்யும் இடத்தில் அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஸ்ட்ரெய்ட் அஹெட் ஷாட்டை இன்னொருவர் கையில் பாதியில் கொடுக்கவும் முடியாது. அடுத்த படம் வரைந்தவன் தலைக்குள் இருக்கிறது.

வேட்டியை எப்படிக் காப்பாற்றினேன் என்று கேட்கலாம். பழைய 48 படங்களிலிருந்து அந்த வழுக்கல் வரும் மூன்று படங்களை எடுத்து, அவற்றையே முக்கிய நிலைகளாக வைத்துக்கொண்டேன். இப்போது இதுவே எங்கள் பழக்கம். முதலில் குச்சி உருவத்தில், அழகு பார்க்காமல், ஒரே மூச்சில் ஸ்ட்ரெய்ட் அஹெடாக ஓட்டிவிடுவது. அதில் நல்லதாக விழுந்ததைப் பொறுக்கி நிலைகளாக்குவது. அப்புறம்தான் சுத்தமான கோடு. குச்சி உருவத்துக்கு அரை நாள் போனால் போகிறது.

துரியோதனன் கதை வேறு. அங்கே போஸ் டு போஸை விட்டால் வழியே இல்லை, தாளம் விடாது. பதிவு செய்த பாட்டில் தாளம் 16 ஃபிரேமுக்கு ஒரு முறை விழுந்தது: 1, 17, 33, 49. கால் தரையைத் தொட வேண்டிய இடங்கள் அவை. சத்தத்தோடு சரியாக அதே ஃபிரேமில் வைப்பதைவிட ஒன்றிரண்டு ஃபிரேம் முன்னால் வைத்தால்தான் திரையில் பொருந்தித் தெரிகிறது. திரைக்குப் பின்னால் கிரீடம் மட்டும் தெரிவது, மோவாயைத் தூக்கி நிற்பது, கிறிக்கி சுற்றுவது, மிதித்து நிற்பது என்று நிலைகள் தெளிவாக இருந்தன. கூத்துக்காரர்களே போஸ் டு போஸ்தான் ஆடுகிறார்கள் என்று தோன்றும். நின்று, சபையைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார்கள்.

ஆனால் தம்பி போட்ட முதல் வடிவம் பொம்மைக் கடை பொம்மைபோல இருந்தது. காரணம் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. தலை, தோள், கை, பாவாடை எல்லாம் ஒரே ஃபிரேமில் வந்து சேர்ந்து ஒரே ஃபிரேமில் நின்றன. இரண்டு நிலைகளுக்கு நடுப்படத்தையும் சரிபாதியில் போட்டிருந்தான். நடுப்படம் சரிபாதியாக இருந்தால் அது எதையும் சொல்லாது. 1க்கும் 17க்கும் இடையில் 9ஆம் ஃபிரேமில் தலையைத் தாழ்த்தி, இடுப்பை முதலில் திருப்பச் சொன்னேன். உடம்பு வளைவாகப் போய் அடுத்த நிலையை அடைந்தது. பாவாடை மட்டும் உடம்பு நின்றபின் நான்கு ஃபிரேம் கழித்து வந்து அடங்க வேண்டும். அதைத் திட்டமிட்டு வரைந்தபோது தகரம்போல ஆடியது. கடைசியில் உடம்பை முடித்துவிட்டு, பாவாடையை மட்டும் தனி லேயரில் ஸ்ட்ரெய்ட் அஹெடாகப் போட்டோம். துணி தானாக விழுந்தது. காளைக் காட்சியில் புழுதியும் அப்படியே. புழுதிக்கு முக்கிய நிலை வைக்க முயன்று ஒரு நாளை வீணாக்கினேன். மேகத்துக்குக் கையெழுத்துப் போட்டதுபோல இருந்தது.

களிமண் பொம்மையை நகர்த்தி எடுக்கும் ஸ்டாப் மோஷனில் என் வாதம் செல்லாது. அங்கே ஒவ்வொரு ஃபிரேமும் எடுத்தவுடன் போய்விடும் என்பதால் இயல்பிலேயே அது ஸ்ட்ரெய்ட் அஹெட். நான் செய்தது ஒரே ஒரு பத்து விநாடிப் படம். அதை வைத்து யாருக்கும் புத்தி சொல்ல மாட்டேன். முப்பரிமாணத்திலும் எனக்குக் கை பழகவில்லை. நான்கு கால் ஓட்டம்கூட இந்த ஒரு காளையில் கற்றதுதான். குதிரை கேட்டால் யோசிப்பேன்.

ஷாட் இரண்டும் முடிந்துவிட்டன. காளைக்குப் பின்னால் நிற்கும் கூட்டத்தில் இருபது பேர் இன்னும் அசையாமல் நிற்கிறார்கள். அவர்களுக்கு ஆளுக்கு இரண்டு நிலை வைத்தால் போதுமா என்று இப்போது தம்பியோடு தகராறு.