மணல் வாளியா, ரப்பர் அடிப்பானா: புல் தீயில் எதைக் கையில் எடுப்பது, எப்போது விட்டு ஓடுவது

பங்குனி, சித்திரை மாதங்களில் தரிசு நிலத்தை ஒட்டி வீடோ குடோனோ வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம்தான். ரோட்டோரம் யாரோ அணைக்காமல் வீசிய பீடியிலிருந்தோ, பக்கத்துக்காரர் கொளுத்திய குப்பையிலிருந்தோ காய்ந்த புல்லில் தீ பிடித்து மெல்ல நகர்ந்து வரும். சுவரோரம் ஸ்டாண்டில் நான்கு சிவப்பு வாளிகள் தொங்கும். ஆள் முதலில் ஓடுவது அதை நோக்கித்தான். என் கட்சி வேறு: முதலில் எடுக்க வேண்டியது கம்பு முனையில் ரப்பர்ப் பட்டை மாட்டிய அடிப்பான், மணல் வாளியின் வேலை அதற்கு அப்புறம்.

வாளியை எடைபோட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். கடையில் கிடைக்கும் தீ வாளி ஒன்று 9 லிட்டர் பிடிக்கும். அடி உருண்டையாக இருப்பதால் தரையில் நிற்காது. அதனால்தான் யாரும் அதைக் கொண்டுபோய்க் கிணற்றடியில் வைத்துக்கொள்வதில்லை. அதில் மணல் நிரப்பினால் சுமார் 14 கிலோ. தீயின் காலடியில் 20 சென்டிமீட்டர் அகலத்துக்கு, இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு மணல் போட்டால்தான் புல் தீ அடங்கும். அந்தக் கணக்கில் ஒரு வாளி இரண்டேகால் மீட்டர் நீளத்துக்கு வரும். நான்கு வாளியும் தீர்ந்தால் 9 மீட்டர். அதற்குமேல் மணல் வேண்டுமென்றால் திரும்பி நடக்க வேண்டும், அள்ள வேண்டும், தூக்கிக்கொண்டு வர வேண்டும். அதுவரை தீ நமக்காக நிற்காது.

புல் தீ என்பது கோடு. நடுவில் கருகிப்போன இடம், சுற்றிலும் எரியும் விளிம்பு, அவ்வளவுதான். விளிம்பின் நீளத்துக்கு ஈடுகொடுக்கிற கருவிதான் அதற்குப் பொருத்தம். அடிப்பானுக்குச் சரக்கு தீர்வதில்லை. அடிக்கிறவனின் மூச்சுதான் தீரும்.

அடிப்பான் என்பது என்ன, எதில் செய்வது

ஆறடி நீளக் கம்பு, முனையில் வளைந்து கொடுக்கிற ரப்பர்ப் பட்டை. ஃபயர் பீட்டர் என்று விற்பதும் இதுதான். வீட்டில் செய்ய, பழைய கன்வேயர் பெல்ட் துண்டோ லாரி மட்பிளாப்போ போதும். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான அகலமும் நீளமும் இருக்கட்டும். கம்போடு சேர்த்துத் துளை போட்டு, வாஷர் வைத்து போல்ட் முடுக்க வேண்டும். கம்பியால் கட்டினால் பத்தாவது அடியிலேயே கழன்று புல்லுக்குள் பறக்கும். மட்பிளாப் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இப்போது பிளாஸ்டிக்கிலும் வருகிறது. அது சூட்டில் உருகிச் சொட்டும். ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு வெட்டித் தீக்குச்சியைக் காட்டிப் பார்த்துவிடலாம்.

எதுவும் இல்லாத இடத்தில் பச்சை இலை அடர்ந்த வேப்பங்கிளையோ புங்கங்கிளையோ போதும்; காட்டுத் தீயிலும் பல இடங்களில் கைக்கு அகப்படுவது அதுதான். இலை உதிர உதிர கிளையை மாற்ற வேண்டும். ஈரச்சாக்கும் நல்ல ஆயுதம், சணல் சாக்காக இருந்தால். உரச்சாக்கும் சிமெண்ட் சாக்கும் பிளாஸ்டிக் பின்னல், நனைத்தாலும் உருகும். சாக்குக்கு இன்னொரு குறை, அதற்குக் கம்பு கிடையாது, முகம் தீக்கு அருகே போய்விடும்.

அடிக்கும் விதம்

துணி துவைப்பதுபோலத் தலைக்கு மேல் ஓங்கி அடிப்பவர்கள்தான் அதிகம். அந்த வீச்சு இரண்டு கெடுதல் செய்யும். மேலே தூக்கும்போது காற்றை இழுத்துத் தீக்குக் கொடுக்கும். கீழே வரும்போது கங்குகளைச் சிதறடித்து எரியாத புல்லுக்குள் தள்ளும். அடிப்பானை முழங்கால் உயரத்துக்குமேல் தூக்கத் தேவையில்லை. தீயின் காலடியில் தட்டையாக இறக்கி, ஒரு கணம் அழுத்திப் பிடித்து, கருகிய பக்கமாக இழுக்க வேண்டும். அப்போது கங்கும் கருப்புக்குள்ளேயே போய்விழும். அழுத்தி அங்கேயே விட்டுவிடவும் கூடாது, ரப்பரும் எரியும். அவ்வப்போது ஒரு வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தால் ரப்பர் தாங்கும்.

நிற்கிற இடமும் முக்கியம். முடிந்தவரை கருகிய தரையில் கால் வைத்து, விளிம்பைப் பக்கவாட்டில் தொட வேண்டும். தீ போகிற திசையில், அதற்கு முன்னால் போய் நின்று அடிப்பது வீரமாகத் தெரியும். புகையும் சூடும் நேராக முகத்தில் வரும், பின்னால் இருப்பதோ எரியக் காத்திருக்கும் புல். இருவர் இருந்தால் ஒருவர் அடித்துக்கொண்டே முன்னே போக, மூன்று மீட்டர் தள்ளி மற்றவர் மிச்சத்தை அடக்கிக்கொண்டு வர வேண்டும். நெருங்கி நின்றால் ஒருவர் கம்பு மற்றவர் தலையில் படும்.

ஒரு தீயை எடுத்துக்கொள்வோம்

மேற்கே தார் ரோடு. அதன் ஓரத்தில் பிடித்த தீ, மேல்காற்றில் கிழக்கு நோக்கிப் போகிறது. 15 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் ஆகிவிட்டது. சுற்று விளிம்பு ஏறக்குறைய 35 மீட்டர். மணலால் மட்டும் அணைக்க 16 வாளி, அதாவது 220 கிலோவுக்கு மேல் வேண்டும். வடக்கே ஒரு வைக்கோல் போர். கிழக்கே 40 மீட்டரில் உழுது போட்ட நிலம். புல் முழங்கால் உயரம். ஆள் மூன்று பேர்.

முதல் வேலை 101-க்கோ 112-க்கோ போன். அணைந்துவிட்டால் வரவேண்டாம் என்று சொல்லிக்கொள்ளலாம். அப்புறம் இரண்டு பேர் அடிப்பானோடு ரோட்டிலிருந்து, தீயின் வாலிலிருந்து தொடங்குகிறார்கள். ரோடு எரியாது, அதனால் தீ சுற்றிவந்து முதுகில் பிடிக்காது. அங்கிருந்து வடக்கு விளிம்பைப் பிடித்து நகர்கிறார்கள். வைக்கோல் போர் அந்தப் பக்கம் இருப்பதால் அதுதான் முதலில். மூன்றாமவர் அடிப்பதில்லை. தள்ளி நின்று காற்றையும் புகையையும் பார்ப்பது அவர் பொறுப்பு. "அண்ணே, காத்து திரும்புது" என்று அவர் கத்தினால் மறுபேச்சில்லாமல் இருவரும் கருப்புக்குள் ஏறிவிட வேண்டும்.

கிழக்கு முனையில் சுவாலை இடுப்பைத் தொட்டால் அதை விட்டுவிடலாம். 40 மீட்டர் ஓடி உழவு நிலத்தில் முட்டி அதுவே செத்துப்போகும். நடுவில் இருப்பது வெறும் புல்தான். போரைக் காப்பாற்றினால் போதும் என்று முடிவெடுப்பதுதான் இங்கே கெட்டிக்காரத்தனம்.

மணல் ஜெயிக்கிற இடம்

விளிம்பு அடங்கியதும் அடிப்பானுக்கு வேலை முடியும், வாளிக்கு வேலை தொடங்கும். வேலிக் கம்பத்தின் அடி, தென்னை அடிக்கட்டை, இவற்றை அடித்தால் கங்குதான் தெறிக்கும். இங்கே மணலை மெதுவாகக் கொட்டி மூட வேண்டும். தரையில் கசிந்த டீசலில் தீ பிடித்தாலும் மணல்தான். அதை அடிப்பானால் அடித்தால் எரியும் டீசல் சிதறும்.

ஓடும் விளிம்பில் மணல் போட நேர்ந்தால் வாளியோடு கவிழ்ப்பது வீண். ஒரே இடத்தில் குவியும். ஷவலிலோ சட்டியிலோ அள்ளி, இடுப்பளவில் பக்கவாட்டாக வீசி, சுவாலையின் அடியை ஒட்டிப் பரவவிட வேண்டும். மேலே சுவாலையைப் பார்த்து வீசிய மணல் ஊடே போய் விழும், ஒன்றும் நடக்காது. பக்கத்தில் உழுத மண் இருந்தால் வாளியே வேண்டாம். ஷவல் ஒன்று போதும். எருக்குழி மண், இலை மக்கிய மண் மட்டும் ஆகாது, அதுவே புகைந்து எரியும்.

மணலை நம்பி ஏமாறுகிற இடமும் ஒன்று உண்டு. சாணக்குவியல், வைக்கோல், தடித்த சருகு ஆகியவற்றின் மேல் மணலை மூடினால் புகை நின்றுவிடும். உள்ளே கங்கு உயிரோடு இருக்கும். மறுநாள் காற்றில் மீண்டும் வெளியே வரும். அவற்றைக் கிளறி, தண்ணீர் விட்டுக் கலந்து, மறுபடி கிளற வேண்டும். புறங்கையை மேலே நீட்டிப் பார்த்துச் சூடு தெரிகிற வரை முடிந்ததாகக் கணக்கில்லை.

வாளியைப் பராமரிப்பது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மழைக்கு மூடி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மணல் இறுகிக் கல்லாகும். பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் பாதி வாளியில் பாக்குப் பொட்டலமும் சிகரெட் துண்டும்தான் இருக்கின்றன.

எப்போது போட்டுவிட்டுப் போவது

அடிப்பானின் எல்லையைச் சுவாலையின் உயரம் சொல்லிவிடும். கைக்கருவியோடு பயிற்சி பெற்றவர்களே நெருங்கத் தயங்குவது சுமார் 1.2 மீட்டர் சுவாலையில். நம்மைப் போன்றவர்களுக்கு முழங்கால்வரை வேலை, இடுப்புக்கு வந்தால் ஓட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். சீமைக்கருவேலம் புதருக்குள் தீ ஏறிவிட்டால் உயரத்தை அளக்கவே வேண்டாம், அங்கே அடிப்பானுக்கு இடமில்லை.

உயரம் குறைவாக இருந்தும் விலக வேண்டிய நேரங்கள் உண்டு. அடித்த இடம் மூன்றாவது தடவையும் எழுந்தால், பின்னால் புதிதாக ஒரு புகை கிளம்பினால், கம்பு நீளத்தில் நின்றும் முகத்தில் சூடு தாங்காவிட்டால், தலை சுற்றினால், மேலே மின்கம்பி இருக்கிற இடத்துக்குத் தீ போனால், அப்போதே கிளம்ப வேண்டும்.

கடலோர மாவட்டங்களில் ஒரு தனிப் பொறி இருக்கிறது. கோடையில் காலையில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, நண்பகல் வாக்கில் கடல்காற்று நுழைந்ததும் கிழக்கு, தென்கிழக்குக்கு மாறிவிடும். நம் தீயில் பத்திரமான வால் என்று நினைத்துத் தொடங்கிய மேற்கு விளிம்பும் வடக்கு விளிம்பும் அணையாமல் மிச்சமிருந்தால், அந்த நேரத்தில் அவைதான் தீயின் தலை. வெளியே புல்லில் நிற்பவன் மாட்டுவான், கருப்பில் நிற்பவன் தப்புவான். பதினொரு மணிக்குமேல் வேலை செய்தால் காவலுக்கு நிற்பவர் கிழக்கே பார்த்தபடி இருக்க வேண்டும்.

சரிவில் கணக்கே வேறு. பத்து டிகிரி ஏற்றத்துக்குத் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பில் வழங்கும் கைக்கணக்கு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலைச்சரிவில் தீ கீழே இருந்து, நாம் மேலே இருந்தால், அது எவ்வளவு சிறியதாகத் தெரிந்தாலும் அடிக்கப் போகக் கூடாது. பக்கவாட்டில் விலக வேண்டும், மேல்நோக்கி ஓடக் கூடாது.

ஓடும்போது போய்ச் சேரும் இடம் கருகி ஆறிய தரை, உழுத நிலம், ரோடு, இந்த மூன்றில் ஒன்று. அடிக்கத் தொடங்கும் முன்பே எது என்று விரலால் காட்டிப் பேசிவிட வேண்டும். புகையில் தேட நேரமிருக்காது. பருத்தி உடுப்பும் மூடிய தோல் செருப்போ பூட்ஸோ இருந்தால்தான் கருப்பில் கால் வைக்க முடியும். நைலான் சட்டை, ரப்பர்ச் செருப்பு, காற்றில் பறக்கும் துப்பட்டா இருந்தால் காவல் வேலையையோ போன் வேலையையோ எடுத்துக்கொள்ளலாம். கம்பைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், போட்டுவிடலாம். ரோட்டுக்கு வந்ததும் தலையை எண்ண வேண்டும். ஃபயர் சர்வீஸ் வண்டி வந்தால் சொல்ல வேண்டியவை மூன்று: காற்று எந்தப் பக்கம், தீயின் வழியில் போரோ சிலிண்டரோ ஆளோ உண்டா, வண்டி நுழைய எந்த வரப்பு தாங்கும்.