கிளைசினேட் என்று எழுதி ஆக்சைடு விற்கிறார்கள்: மெக்னீசியம் மாத்திரை வாங்குவோர் கவனத்திற்கு

சிட்ரேட் மாத்திரை வயிற்றைக் கலக்குகிறது என்பதால், என் அம்மாவுக்குக் கிளைசினேட் வடிவில் நாளொன்றுக்கு 200 மி.கி. தனிம மெக்னீசியம், அதாவது சேர்மத்தின் மொத்த எடையில் மெக்னீசியத்தின் பங்கு மட்டும் அவ்வளவு வருமாறு தரச் சொல்லி மருத்துவர் எழுதியிருந்தார். சேலம் ஐந்து ரோடு அருகே ஒரு கடையில், முகப்பில் ‘மெக்னீசியம் கிளைசினேட் 1000 மி.கி.’ என்று பெரிதாக அச்சிட்ட டப்பாவைக் கொடுத்து, ஒரு மாத்திரையிலேயே 1000 மி.கி. இருப்பதாகச் சொல்லி, சாதாரண மெக்னீசியம் மாத்திரையைப் போலப் பல மடங்கு விலை வாங்கினார்கள். சில நாட்களிலேயே அம்மாவுக்கு மறுபடியும் வயிற்றுப்போக்கு வந்தது.

டப்பாவின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருந்தது வேறு கதை. ஒரு வேளை அளவு என்பது 2 மாத்திரைகள். அந்த இரண்டிலும் சேர்த்துத்தான் 1000 மி.கி. சேர்மம், அதில் தனிம மெக்னீசியம் 300 மி.கி. என்று போட்டிருந்தது. ஆக, ஒரு மாத்திரையில் கிடைப்பது 150 மி.கி. மட்டுமே.

அந்த 300 என்ற எண்தான் குட்டை உடைத்தது. கலப்பில்லாத கிளைசினேட்டின் எடையில் மெக்னீசியம் ஏறக்குறைய 14 விழுக்காடுதான்; மீதி முழுவதும் கிளைசின் என்ற அமினோ அமிலம். எனவே 1000 மி.கி. கிளைசினேட்டில் 140 மி.கி. சொச்சத்துக்கு மேல் இருக்க வழியே இல்லை. சிட்ரேட்டில் 16 விழுக்காடு வரை இருக்கும், நீர் சேர்ந்த வகையில் இன்னும் குறையும். ஆக்சைடில் மட்டும் 60 விழுக்காடு. நம் சேலத்தில் வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல்லான மேக்னசைட்டைச் சூளையில் சுட்டால் கிடைப்பதும் ஆக்சைடுதான். மலிவானது, தண்ணீரில் எளிதில் கரையாது, உடலில் குறைவாகவே சேரும், சேராத பகுதி குடலில் நீரை இழுத்துப் பேதியாக்கும்.

கணக்குப் போட்டால், 1000 மி.கி.யில் சுமார் 656 மி.கி. கிளைசினேட்டும் 344 மி.கி. ஆக்சைடும் இருந்தால்தான் 300 வரும். அதாவது, மெக்னீசியத்தில் 200 மி.கி.க்கும் மேலானது ஆக்சைடிலிருந்தே வருகிறது. சேர்மானப் பட்டியலின் கடைசி வரியில் ‘மெக்னீசியம் ஆக்சைடு’ என்று இருந்ததும் இதை உறுதிப்படுத்தியது. ‘பஃபர்டு’ என்ற சொல் கண்ணில் பட்டாலும் பெரும்பாலும் இந்தக் கலப்பையே குறிக்கும்.

ஆகவே, வாங்கும்போதே தனிம அளவைச் சேர்மத்தின் எடையால் வகுத்துப் பாருங்கள். கிளைசினேட் என்று சொல்லும் மாத்திரையில் விடை 14 விழுக்காட்டைத் தெளிவாகத் தாண்டினால் வேறு ஏதோ கலந்திருக்கிறது. ‘மெக்னீசியம், கிளைசினேட்டாக, 100 மி.கி.’ என்ற முறையில் எழுதியிருந்தால் அந்த 100 தனிம அளவே. அதை மீண்டும் 14 விழுக்காட்டால் பெருக்க வேண்டியதில்லை. தனிம அளவே குறிப்பிடாத டப்பாவை நான் இனி வாங்க மாட்டேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்த வடிவத்தையும் தொடவே கூடாது, ஏனெனில் மிகுதியான மெக்னீசியம் அவர்கள் இரத்தத்தில் தேங்கிவிடும்.

சீல் உடைத்த டப்பாவைத் திரும்பப் பெற முடியாது என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டதால், பில்லையும் லேபிளின் இருபுறப் படங்களையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன்.