ஏழு மார்க்கா, ஜோடியா: இல்லாத சொல்லைச் சோதிக்க எது தேவலை?

தமிழக-கேரள எல்லையில் இருக்கும் வேலந்தாவளத்தில் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, நானே கட்டிய ஒரு சொல்லைச் சொல்லி, "ஒண்ணுலேருந்து ஏழுக்குள்ள எத்தனை போடுவீங்க?" என்று கேட்டேன். "ஏங்கண்ணு, இல்லாத சொல்லுக்கு எங்கிருந்து மார்க்குப் போடறது?" என்றார். அடுத்த பத்துச் சொற்களுக்கும் ஒன்று, ஒன்று, ஒன்று. முதுகலை ஆய்வேட்டுக்காக நான் போட்டுவைத்திருந்த திட்டம் அங்கேயே பாதி போயிற்று.

ஒரு மொழியில் எந்த ஒலிக்குப் பின் எந்த ஒலி வரலாம் என்பதை அந்த மொழிக்காரர்கள் சொல்லித்தராமலே அறிந்திருக்கிறார்கள். ஆங்கிலத்துக்கு மொழியியலாளர்கள் சாம்ஸ்கியும் ஹாலியும் காட்டிய உதாரணம் பிரபலம். 'ப்ரிக்' இருக்கிற சொல், 'ப்ளிக்' இல்லாத சொல், ஆனால் இருந்திருக்கலாம். 'ப்னிக்' வரவே வராது. நமக்கு இந்த விதிகள் தொல்காப்பியத்திலேயே எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன. நூலில் இருப்பது இன்று பேசுகிறவர் காதிலும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் பொய்ச்சொல் சோதனை.

கேட்க மூன்று வழி. 'வருமா, வராதா' என்று கேட்பது முதல் வழி. அதில் எல்லாரும் 'அப்படியொரு சொல் இல்லையே' என்றுதான் பதில் சொல்வார்கள், அதை விட்டுவிடலாம். இரண்டாவது, ஒன்றிலிருந்து ஏழு வரை மார்க்குப் போடச்சொல்வது. மூன்றாவது, ஒரே ஒரு இடத்தில் மட்டும் வேறுபடும் இரண்டு பொய்ச்சொற்களைக் காட்டி, 'ஒரு புதுக் கீரைக்குப் பேர் வைக்கணும், இதில் எது தமிழ்ப் பேர் மாதிரி இருக்கு?' என்று கேட்பது. இரண்டையும் செய்து பார்த்துவிட்டு ஜோடிக்கு மாறியவன் நான். இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும்.

மார்க்கு முறையின் நன்மைகள் தெரிந்தவைதான். ஒரு சொல்லுக்கு ஒரு கேள்வி போதும், 'கொஞ்சம் ஒத்துவரும்', 'அறவே ஒத்துவராது' என்ற படிகளும் கிடைக்கும். ஜோடி முறையில் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் மோதவிட்டால் 20 சொல்லுக்கு 190 ஜோடி ஆகிவிடும், எந்தத் திண்ணையிலும் அது நடக்காது. அதனால் மோதலை விதி மீறிய சொல், அதன் மீறாத இணை என்று மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

என்னை மாற்றியது அண்டைச் சொல். ஒரு பொய்ச்சொல்லில் ஒரே ஒரு ஒலியை மாற்றினாலோ, சேர்த்தாலோ, நீக்கினாலோ உண்மையான சொல் கிடைத்தால், அது அண்டைச் சொல். கேட்பவர் விதியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறாரா, 'எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே' என்று அண்டையைப் பார்த்துச் சொல்கிறாரா என்பது வெளியே தெரியாது. பெய்லி, ஹான் இருவரும் 2001-இல் ஆங்கிலத்தில் சோதித்தபோது ஒலிச்சேர்க்கை, அண்டை இரண்டுமே தனித்தனியாகத் தீர்ப்பைப் பாதிப்பதைக் கண்டார்கள். மார்க்கு முறையில் இவற்றைப் பிரிக்க நிறையச் சொற்களும் புள்ளியியலும் வேண்டும். ஜோடியில், சொல்லைக் கட்டும்போதே பிரித்துவிடலாம்.

எல்லைப் பக்கத்தில் இது இன்னும் சிக்கல், ஏனென்றால் இங்கே அண்டைகள் இரண்டு மொழியிலிருந்து வருகின்றன. தமிழில் 'ங்'குக்குப் பின் 'க' வரும். 'ங்ங' என்பது அங்ஙனம், இங்ஙனம் போன்ற நூல்வழக்கோடு நின்றுவிடும். மலையாளத்தில் 'ங்ங' தினசரிச் சங்கதி. நம் தேங்காய் அவர்களுக்கு 'தேங்ங', மாங்காய் 'மாங்ங'. நான் முதலில் கட்டிய ஜோடி 'நேங்கா – நேங்ங'. கொழிஞ்சாம்பாறையில் மலையாள மீடியத்தில் ஒன்பதாவது படிக்கும் பையன் ஒருவன் 'நேங்ங'வை எடுத்துவிட்டு, "அண்ணா, தமிழ்லயா மலையாளத்துலயா?" என்று கேட்டான். அவன் கேட்டபிறகுதான் எனக்கு உறைத்தது. 'நேங்கா'வை எடுத்தால் தமிழ்த் தேங்காய் இழுத்தது, 'நேங்ங'வை எடுத்தால் மலையாளத் தேங்காய் இழுத்தது. எதை எடுத்தாலும் விதியைப் பற்றி ஒன்றும் தெரியாது. இரண்டு மொழியிலும் ஒட்டிய சொல் தேறாத 'கீங்கலி – கீங்ஙலி' ஆக மாற்றினேன். மார்க்கு முறையிலும் இதே பையன் இதே தேங்காயால் மார்க்கைக் கூட்டியிருப்பான். ஆனால் அது மற்ற எண்களோடு கலந்துபோய் என் கண்ணில் பட்டிருக்காது.

இனி நான் மெனக்கெட்ட ஜோடி. தனிக்குறிலுக்குப் பின் ர், ழ் ஒற்றாக வராது என்பது பழைய விதி. வாழ், தாழ், பாழ் உண்டு. புகழ், தமிழ், மகிழ் உண்டு. ஆனால் ஒரே குறிலோடு 'ழ்' முடியும் சொல் கிடையாது. காரணமும் அழகானது. 'தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்' என்று நன்னூல் சொல்கிறதல்லவா, கல்லும் எறிவதும் சேர்ந்தால் கல்லெறிதல். பேச்சிலும் கல் கல்லு ஆகிறது, முள் முள்ளு ஆகிறது. அதாவது குறிலுக்குப் பின் நிற்கும் ஒற்று இரட்டிக்கத் தயாராக இருக்க வேண்டும். ர், ழ் இரண்டும்தான் தமிழில் இரட்டிக்காத மெய்கள். அதனால் அவற்றுக்கு அந்த இடத்தில் வேலையில்லை.

முதலில் 'நழ் – நாழ்' என்று வைத்தேன். எல்லாரும் 'நாழ்' என்றார்கள், எனக்கும் சந்தோஷம். பிறகு அண்டைகளை எழுதிப் பார்த்தால் 'நாழ்' பக்கத்தில் வாழ், தாழ், பாழ், யாழ், நாள், நார், நாழி என்று ஒரு தெருவே நிற்கிறது. 'நழ்' பக்கம் நம், நல் என்று ஒன்றிரண்டுதான். விதி அந்த வடிவத்தையே தடுத்துவிட்டதால் 'ழ்' முடிவுள்ள அண்டையும் இல்லாமல் போனது. அண்டை குறைவு என்பதால்தான் பிடிக்கவில்லையா, விதியால் பிடிக்கவில்லையா என்று சொல்ல வழியில்லை.

ஒரு வாரம் தேடி 'நொழ் – நோழ்' என்ற ஜோடிக்கு வந்தேன். நொழ்ழுக்கு நொய் இருக்கிறது, நோழ்ழுக்கு நோய் இருக்கிறது. (நொழ்ழுக்கு என்று எழுதும்போதே விதியை மீறிவிட்டேன், கை கூசுகிறது.) பேச்சுவழக்கில் எனக்குத் தட்டுப்பட்ட நெருங்கிய அண்டை இரு பக்கமும் ஒவ்வொன்றுதான். ஆனாலும் நெடில் என்பதற்காகவே 'நோழ்' பிடித்திருக்கலாம் அல்லவா? அதற்குத்தான் ஜோடிக்கு ஒரு துணைஜோடி வேண்டும்: 'நொள் – நோள்'. ள் குறிலுக்குப் பின் தாராளமாக வரும், எள், கள், முள் இருக்கின்றன. துணைஜோடியிலும் நெடிலையே எடுத்தால் அது நெடில் ஆசை. ழ் ஜோடியில் நெடிலையும் ள் ஜோடியில் இரண்டையும் மாறிமாறியும் எடுத்தால்தான் விதி வேலை செய்கிறது என்று சொல்லலாம். நோள் பக்கம் தோள், கோள், நாள் என்று அண்டை அதிகம்தான். அந்தச் சாய்வு துணைஜோடியை நெடில் பக்கம் தள்ளும், அதாவது நான் காட்ட நினைக்கும் வித்தியாசத்தைக் குறைக்கும். எனக்கு எதிரான சாய்வு என்பதால் விட்டுவைத்தேன்.

செய்முறையில் மூன்று இடத்தில் அடிபட்டேன். முதல் நாள் நானே வாயால் சொன்னேன். விதி மீறிய சொல்லுக்கு முன் எனக்கே தெரியாமல் ஒரு கணம் நின்றிருக்கிறேன். பெரியம்மா என் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார். அதன்பின் போனில் பதிவு செய்து காதில் கொடுத்தேன், பாதி ஜோடிகளில் மீறிய சொல் முதலிலும் பாதியில் பின்னாலும் வரும்படி. இரண்டாவது, சிலர் 'நொழ்' கேட்டுவிட்டு 'நொழு' என்று திருப்பிச் சொன்னார்கள். ஸ்கூலை இஸ்கூல் ஆக்கும் அதே பழுதுபார்ப்பு. அவர்கள் தீர்ப்புச் சொல்வது நொழுவுக்கு, நான் கொடுத்த சொல்லுக்கு அல்ல. அதனால் தேர்வுக்கு முன் இரண்டையும் ஒருமுறை திருப்பிச் சொல்லவைப்பேன். உயிர் ஒட்டிக்கொண்டால் அந்த விடையைத் தனியாகக் குறித்துவைப்பேன். மூன்றாவது, ழ, ள இரண்டையும் ஒன்றாகவே ஒலிப்பவருக்கு நொழ்ழும் நொள்ளும் ஒரே சொல். தொடங்குமுன் வாழை, வாளை இரண்டையும் சொல்லச்சொல்லிக் கேட்டுவிட வேண்டும்.

எத்தனை ஜோடி போதும்? கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் பாதி சரியாக வரும் என்பதை மறக்கக்கூடாது. 20 ஜோடியில் 15 அல்லது அதற்குமேல் தற்செயலாகச் சரியாக வருவது சுமார் 50 முறைக்கு ஒரு முறை. ஒருவர் 12 எடுத்தார் என்று நான் முதலில் குறிப்பேட்டில் கோடு போட்டுக் கொண்டாடியது வீண். 20 ஜோடி, 20 துணைஜோடி, கால் மணி நேரம். அதற்குமேல் போனால் வயதானவர்கள் இரண்டாவதாகக் கேட்டதையே எடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

ஜோடி முறை கைவிடும் இடமும் உண்டு. இரண்டு சொல்லுமே மோசம் என்றாலும் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும்; 'ரெண்டும் நல்லால்ல' என்று பெரியம்மா சொன்னதை என் தாளில் எழுத இடமே இல்லை. ர் விஷயத்தில் இது கடித்தது. சர்க்கரை, கர்ப்பம், பர்ஸ், நர்ஸ் என்று குறிலுக்குப் பின் ர் வரும் வேற்றுமொழிச் சொற்கள் வாயில் புழங்கிவிட்டன. ழ்-க்கு அப்படி வந்து கதவைத் திறந்துவிட்ட சொல் ஏதுமில்லை. ஆகவே 'நொர்' கூடாதா என்பதைவிட, 'நொழ்' அளவுக்குக் கூடாதா என்பதுதான் கேள்வி. 'எவ்வளவு' என்று கேட்க ஜோடிக்கு வாயில்லை. அதற்கு மட்டும் 12 சொற்களை மார்க்கு முறையில் வைத்துக்கொண்டேன். கல்லூரிப் பிள்ளைகளிடம்தான் கொடுத்தேன், அவர்கள் மார்க்குக்குப் பழகியவர்கள். பெரியம்மாவிடம் மறுபடி அந்தத் தாளை நீட்டவில்லை.