ஜப்பானியத் திரையில் சந்தா ரத்து: மொழியை மாற்றுவதா, கணினி வழியே போவதா?

நகோயாவில் எனக்குத் தரப்பட்ட ஆண்ட்ராய்டு கைபேசி முழுக்க முழுக்க ஜப்பானிய மொழியில் இருந்தது. ஒரு படத்தொகுப்புச் செயலியை ஏழு நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கச் சேர்ந்துவிட்டு, நான்காம் நாள் அதை நிறுத்த முனைந்தபோதுதான், கூகுள் ப்ளேயில் புதுப்பித்தலும் கட்டணமும் எங்கே இருக்கின்றன என்று தேட நேர்ந்தது. செயலியை நீக்கினால் சந்தா நிற்காது என்பது பலரும் அறிந்ததுதான். ஆகவே மூன்று வழிகள் இருந்தன: திரையைப் படமெடுத்து மொழிபெயர்ப்பது, கைபேசியின் மொழியையே மாற்றுவது, கணினியின் உலாவியில் சந்தாப் பக்கத்தைத் தமிழில் திறப்பது. மூன்றையும் செய்து பார்த்ததில் எனக்கு மூன்றாவதே பிடித்திருக்கிறது.

படமெடுத்து மொழிபெயர்ப்பது வழியைக் கண்டுபிடிக்க உதவும். மேலே வலது மூலையில் உள்ள நம் கணக்கின் வட்டப் படத்தைத் தொட்டால் வரும் பட்டியலில் お支払いと定期購入 என்பது கட்டணமும் சந்தாக்களும். அதற்குள் 定期購入 என்பதே சந்தாப் பட்டியல். இந்த நான்கு எழுத்துகளை அடையாளம் கண்டுகொண்டால் அதுவரை யாரும் போய்விடலாம்.

மொழியை மாற்றும் வழியும் எளிதுதான், ஏனெனில் அமைப்புகளில் உள்ள மொழிப் பட்டியலில் ஒவ்வொரு மொழியும் தன் எழுத்திலேயே இருக்கும். 'தமிழ்' என்று தமிழிலேயே தென்படும். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை: திரை புரியவில்லையே என்று கணக்கின் நாட்டை மாற்றப் போகக்கூடாது. நாடு வேறு, மொழி வேறு. கூகுள் ப்ளேயில் நாட்டை ஆண்டுக்கு ஒருமுறைதான் மாற்ற இயலும்; ஆப்பிளிலோ, இருக்கும் சந்தாக்களை முதலில் ரத்து செய்தால்தான் நாட்டை மாற்றவே விடுவார்கள், அதாவது எந்தக் கதவைத் திறக்கப் போனோமோ அதன் சாவி அந்தக் கதவுக்குள்ளேயே இருக்கிறது.

எனக்குத் தீர்மானமான காரணம் கடைசித் திரைதான். முதல் முறை படமெடுக்கும் வழியில் போன நான், சந்தாப் பட்டியல் வரை சரியாக வந்துவிட்டு, அங்கே பொறுமை இழந்து 一時停止 என்பதைத் தொட்டேன். அது தற்காலிக நிறுத்தம். குறித்த காலம் முடிந்ததும் கட்டணம் மீண்டும் தொடங்கிவிடும். நான் தொட்டிருக்க வேண்டியது 解約 என்ற இரண்டு எழுத்துகள் உள்ள வரி. அதோடு, முழு ரத்துக்குப் போனாலும் ஏன் விலகுகிறீர்கள் என்று காரணம் கேட்டு, அதன்பின் ஒருமுறை உறுதிசெய்யச் சொல்வார்கள். காரணத்தைச் சொன்னதோடு முடிந்தது என்று நினைத்துப் பின்னே வந்துவிட்டால் எதுவும் ரத்தாகியிருக்காது. இத்தனை பொத்தான்களையும் படித்துப் புரிந்து அழுத்த வேண்டிய இடத்தில், ஒவ்வொரு திரையாகப் படமெடுத்துக்கொண்டிருப்பது பிழைக்கு வழிவிடுகிறது.

கணினி உலாவியில் நான் தட்டியது இந்த முகவரி:

```
https://play.google.com/store/account/subscriptions?hl=ta
```

கடைசியில் உள்ள hl=ta பக்கத்தைத் தமிழில் காட்டச் சொல்கிறது; hl=en என்று போட்டால் ஆங்கிலம். கைபேசியின் மொழி அப்படியே இருக்கும், திரும்ப மாற்ற வேண்டியதில்லை. இதே முகவரியை ஒரு செய்தியில் அனுப்பிக் கைபேசியில் தொட்டால், ப்ளே செயலியே திறந்து மீண்டும் ஜப்பானிய மொழியைக் காட்டக்கூடும் என்பதால்தான் கணினி என்கிறேன். ஒரே சிக்கல், உலாவியில் வேறு கூகுள் கணக்கு திறந்திருந்தால் நம் சந்தா அங்கே இராது; பட்டியலைப் பார்த்துவிட்டு 'ஏற்கெனவே ரத்தாகிவிட்டது' என்று நிம்மதி அடைவது தவறு. மேலே வலப்பக்கம் உள்ள கணக்குப் படத்தை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரத்தான பின்பும் அதே பக்கத்துக்குத் திரும்பி, அந்தச் செயலியின் கீழே இன்னும் அடுத்த கட்டணத் தேதி இருக்கிறதா, அல்லது சந்தா முடியும் தேதி வந்துவிட்டதா என்று பார்ப்பது அவசியம். என் பக்கத்தில் இரண்டாம் முறைதான் முடியும் தேதி தெரிந்தது.

ஐபோனில் ஒரு நண்பருக்காக ஒரே முறைதான் செய்திருக்கிறேன் என்பதால் அதைப் பற்றி உறுதியாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அங்கே 設定 என்ற அமைப்புகளைத் திறந்து, மேலேயே தெரியும் நம் பெயரைத் தொட்டு, サブスクリプション என்பதற்குள் போக வேண்டும். ரத்துப் பொத்தானில் キャンセル என்ற சொல் இருக்கும். ஆனால் ஜப்பானியத் திரைகளில் அதே சொல்தான் உரையாடல் பெட்டியை மூடிவிட்டுத் திரும்பவும் பயன்படுகிறது. எனவே உறுதிசெய்யும் பெட்டியில் அது மட்டும் தனியாக இருந்தால், அதைத் தொடுவது பெரும்பாலும் ரத்தைக் கைவிடுவதாகவே ஆகும். இலவசக் காலத்தில் இருப்பவர்கள் அது முடிவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பாவது ரத்து செய்துவிட வேண்டும் என்று ஆப்பிளே சொல்கிறது. நண்பர் நினைவூட்டியை ஆறாம் நாளுக்கு வைத்திருந்தார், அதை நான்தான் ஐந்தாம் நாளுக்கு மாற்றி வைத்தேன்.