ஆறு வருஷமா ஓட்டிய எமுலேட்டர்: பிளேஸ்டேஷன் கேம் பாதியில் மூடிக்கொண்ட கதை

பல்லடத்தில் என் பழைய டெஸ்க்டாப்பில் ஆறு வருஷமாக ஒரே பிளேஸ்டேஷன் கார் ரேஸ் கேமை, கன்சோல் இல்லாமலே கம்ப்யூட்டரில் ஓட வைக்கும் ePSXe 1.9.0 எமுலேட்டரை வைத்து ஓட்டி வந்தேன். பாதி நாள் ஓடும், பாதி நாள் சொல்லாமல் மூடிக்கொள்ளும். "சித்தப்பா, மறுக்காவும் நின்னு போச்சுங்" என்று அண்ணன் பையன் கத்தினால் போதும், தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்கும்.

ரொம்ப நாள் கழித்துத்தான் ஒன்று புரிந்தது: கேம் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தாலே பாதி காரணம் தெரிந்துவிடும். ஆரம்பத்தில் லோகோவே வராமல் கருப்புத் திரையோடு மூடிக்கொண்டால் முதலில் பயாஸ் ஃபைலைப் பார்க்க வேண்டும், கன்சோலைத் தொடங்கி வைக்கும் மென்பொருள் அதுதான். என்னுடையது யாரோ பென்டிரைவில் கொடுத்தது, அங்கேதான் வினை. பெயர் SCPH1001.BIN என்று சரியாக இருந்தது, ஆனால் அது ஜிப் ஃபைல், பிரிக்காமல் பெயரை மட்டும் மாற்றி வைத்திருந்தார்கள். பிளேஸ்டேஷன் பயாஸ் சரியாக 5,24,288 பைட் இருக்கும், ஒரு பைட் கூடினாலும் குறைந்தாலும் அது வேறு ஏதோ. அளவு சரியாக இருந்தும் சந்தேகம் என்றால், அந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டரில் விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இதைக் கொடுக்க வேண்டும்:

```
certutil -hashfile SCPH1001.BIN MD5
```

924e392ed05558ffdb115408c263dccf என்று வர வேண்டும். (பயாஸ் சோனியின் சொத்து, எமுலேட்டரோடு வராது, அவரவர் கன்சோலில் இருந்து எடுப்பதுதான் முறை. நான் அப்புறம்தான் அதைச் செய்தேன்.)

அதைச் சரி செய்த பிறகு லோகோ தாண்டியது, ரேஸ் ஆரம்பித்ததும் நின்றது. இது பிளகின் வேலை, அதாவது ePSXe-யோடு சேர்ந்து திரையில் படம் வரைந்து காட்டும் தனித் துணை ஃபைல். ஓபன்ஜிஎல் பிளகினில் ரெசல்யூஷனை ஆசைப்பட்டு உச்சத்தில் வைத்திருந்தேன், என் போர்டிலேயே இருக்கும் கிராபிக்ஸ் அதைத் தாங்காது. சாஃப்ட்வேர் பிளகினுக்கு மாற்றி ஓட்டிப் பார்த்தேன், படம் மங்கலாக இருந்தாலும் நிற்கவில்லை. அப்போ குற்றவாளி யாரென்று தெரிந்துபோச்சு, ரெசல்யூஷனைக் குறைத்தேன்.

ஆனாலும் மறுபடி நின்றதே, அங்கேதான் ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். பழைய பயாஸ், பழைய பிளகின் இருந்தபோது எடுத்த சேவ் ஸ்டேட்டைத்தான் ஒவ்வொரு முறையும் திறந்திருக்கிறேன்! ஸ்டேட் என்பது அந்த நொடியின் மெமரியை அப்படியே அள்ளி வைப்பது, அப்போதிருந்த கோளாறும் கூடவே வரும். எதை மாற்றினாலும் கேமை முதலில் இருந்து திறந்துதான் சோதிக்க வேண்டும்.

போன வருஷம் டக்ஸ்டேஷன் என்ற வேறொரு எமுலேட்டருக்கு மாறினேன். அதில் தனிப் பிளகின் கிடையாது, பயாஸ் எதுவென்று அதுவே கண்டுபிடித்துச் சொல்லிவிடும். ePSXe-யின் ஸ்டேட் எதுவும் அங்கே திறக்காது. ஆனால் கேமுக்குள்ளேயே சேவ் செய்திருந்த epsxe000.mcr மெமரி கார்டு ஃபைலை அதன் கார்டு எடிட்டரில் இம்போர்ட் செய்தேன், ஆறு வருஷ காரெல்லாம் அப்படியே வந்து நின்றது. பழைய ஸ்டேட்டெல்லாம் கிடக்கும் sstates ஃபோல்டரை மட்டும் அழிக்க மனசு வராமல் இன்னும் வைத்திருக்கிறேன்.