லிமிடெட்டா ரீசனபிளா: கார்பன் கணக்குக்கு எந்த அஷ்யூரன்ஸ் வாங்கணும்?

கம்பெனியோட சஸ்டெயினபிலிட்டி ரிப்போர்ட்டுல இருக்கிற நம்பரை வெளி ஆடிட்டர் சரிபார்த்து, அதுக்குப் பின்னாடி ஒட்டிக் குடுக்கிற அஷ்யூரன்ஸ் லெட்டரை முழுசா படிங்க, ஏன்னா எல்லா லெட்டரும் ஒரே விஷயத்தை சொல்றதில்ல. லிமிடெட்ங்கிற மேலோட்டமான சரிபார்ப்புல ஆடிட்டர் "தப்புன்னு நினைக்கிற மாதிரி எதுவும் எங்க கவனத்துக்கு வரல"ன்னு எழுதுவார், ரீசனபிள்ங்கிற ஆழமான சரிபார்ப்புல "முக்கியமான எல்லா விதத்துலயும் இது சரியா தயாரிச்சிருக்கு"ன்னு எழுதுவார். வாக்கியம்தான் மாறுதுன்னு தோணும், ஆனா உள்ள நடக்கிற வேலையே வேற.

ஒரு டையிங் மில்லை எடுத்துக்குவோம், நம்பர் எல்லாம் நான் வச்ச உதாரணம்தான். வருஷத்துக்கு பாய்லருக்கு 10,000 டன் நிலக்கரி, 100 கிலோலிட்டர் டீசல், ஈபில 1.2 கோடி யூனிட். நிலக்கரிக்கு ஐ.நா.வோட காலநிலை குழுவான ஐபிசிசி குடுத்த டிஃபால்ட் டேபிள்ல, பிட்டுமினஸ்ங்கிற நல்ல ரக கரியோட வரியை எடுத்துட்டாங்கன்னா டன்னுக்கு 2.44 டன் கார்பன் டை ஆக்சைடு, மொத்தம் 24,400 டன். ஆனா நெசத்துல வந்தது ஈரம் ஜாஸ்தியான மட்டமான கரி, லேப் ரிப்போர்ட்ல கிலோவுக்கு 4,200 கிலோகலோரி, அது ஆவியாப் போற தண்ணியோட வெப்பத்தையும் சேர்த்த கிராஸ் வேல்யூ, அதைக் கழிச்சு நெட்டுக்கு மாத்தினா சுமார் 5 சதவீதம் குறையும், இவ்ளோ வெப்பத்துக்கு இவ்ளோ கார்பன்னு சொல்ற ஃபேக்டர்ல அதுக்கேத்த சப்-பிட்டுமினஸ் ஃபேக்டரைப் போட்டா கிட்டத்தட்ட 16,000 டன்தான் வருது. 8,000 டன்னுக்கு மேல வித்தியாசம்!

லிமிடெட்ல இது மாட்டுமா? அங்க பெரும்பாலும் விசாரணையும் ஒப்பீடும்தான், போன வருஷம் ஒரு டன் துணிக்கு எவ்ளோ எமிஷன், இந்த வருஷம் எவ்ளோ, ஏன் மாறுச்சு. ரெண்டு வருஷமும் அதே தப்பு ஃபேக்டரைப் போட்டிருந்தா விகிதம் அழகா ஒத்துப்போகும், கேள்வியே வராது. திடீர்னு மாறுற தப்பைத்தான் இந்த முறை பிடிக்கும், வருஷா வருஷம் அப்படியே வர்ற தப்பு நழுவிடும். அதிகமா காட்டினா யாருக்கு நஷ்டம்னு கேப்பீங்க. அதை அடிப்படை வருஷமா வச்சுட்டு அப்புறம் சரியான ஃபேக்டருக்கு மாறி, பழைய நம்பரைத் திருத்தாம விட்டா, ஒரு கிலோ கரிகூட மிச்சம் பிடிக்காமலே கரியோட எமிஷன் 34 சதவீதம் குறைஞ்சதா காட்டலாம், எனக்கு ரொம்ப உறுத்துறது இதுதான்.

ரீசனபிள்ல ஆடிட்டர் மில்லுக்கே போகணும். ஆரம்ப ஸ்டாக்கோட வாங்கினதைக் கூட்டி, மார்ச் 31 அன்னிக்கு யார்டுல கிடக்கிற குவியலைக் கழிச்சாதான் எரிச்சது தெரியும், வெறும் பர்ச்சேஸ் பில்லை வச்சு சொல்ல முடியாது. வெயிட்பிரிட்ஜ் ஸ்லிப்பை சாம்பிள் எடுத்து பார்க்கணும், அந்த வெயிட்பிரிட்ஜோட முத்திரை சர்ட்டிஃபிகேட் காலாவதியாயிருச்சான்னு பார்க்கணும், லோடுவாரி லேப் ரிப்போர்ட்ல கிராஸா நெட்டா, ஈரத்தோடயா ஈரம் போனதானு பார்க்கணும். ஈபி பக்கம் கொஞ்சம் சுலபம், யூனிட்டை மத்திய மின்சார ஆணையத்தோட ஃபேக்டரால பெருக்கணும், 2023-24க்கு மெகாவாட் மணிக்கு 0.727 டன், நம்ம மில்லுக்கு 8,724 டன், பழைய வருஷ ஃபேக்டர் போடலையேன்னு பார்த்தா போதும். டீசல் லிட்டருக்கு 2.68 கிலோ, மொத்தமே 268 டன். இருந்தாலும் நிறைய பேர் கைக்கு சுலபமா கிடைக்குதுன்னு டீசல் பில்லுலயே ரெண்டு நாள் உக்காந்திருப்பாங்க, ஆபத்து இருக்கிறது கரி யார்டுல.

அதே ரிப்போர்ட்டுல வர்ற விபத்து கணக்குல டெஸ்ட் பண்ற திசையே மாறணும். ரிப்போர்ட்ல இருக்கிற 6 விபத்தை எடுத்து ரெஜிஸ்டர்ல தேடினா 6ம் இருக்கும், விட்டுப்போனது அதுல தெரியவே தெரியாது. ஈஎஸ்ஐ விபத்து ரிப்போர்ட், ஃபர்ஸ்ட் எய்ட் புக், கான்ட்ராக்ட் ஆளுங்களோட கேட் அட்டெண்டன்ஸ் இதுல இருந்து கிளம்பி ரிப்போர்ட்டுக்கு வரணும். லிமிடெட்ல இந்த அளவு தோண்டுறது அபூர்வம்.

அதுக்காக எல்லாத்துக்கும் ரீசனபிள் கேக்கறதும் வீண் செலவுதான். சப்ளையர் மாதிரி வெளி ஆளுங்களோட எமிஷனான ஸ்கோப் 3ல நிறைய நம்பர் செலவு பண்ண ரூபாயை சராசரி ஃபேக்டரால பெருக்கினது, சப்ளையர் மீட்டரை யாரும் பார்த்ததில்ல, அதுக்கு லிமிடெட்தான் நேர்மை. என் கணிப்புல மில்லே எரிக்கிறதால வர்ற ஸ்கோப் 1, வாங்கின கரண்டால வர்ற ஸ்கோப் 2, விபத்து, தண்ணி இதுக்கு ரீசனபிள், மத்ததுக்கு லிமிடெட்.

செபி 2023 ஜூலைல லிஸ்டட் கம்பெனிகளோட சஸ்டெயினபிலிட்டி ரிப்போர்ட்டுக்கு பிஆர்எஸ்ஆர் கோர்ங்கிற விதியைக் கொண்டு வந்தப்போ பெரிய 150 கம்பெனில ஆரம்பிச்சு படிப்படியா ரீசனபிள்னு சொல்லுச்சு, 2025ல "அசெஸ்மென்ட் அல்லது அஷ்யூரன்ஸ்"னு ஆப்ஷன் குடுத்துருச்சு. அதனால லெட்டர்ல முதல்ல தேட வேண்டியது இது அசெஸ்மென்டா அஷ்யூரன்ஸா, எந்தெந்த இண்டிகேட்டருக்கு, எத்தனை பிளான்ட்டுக்கு நேர்ல போனாங்கன்னுதான்.